ஊறவைத்த பயறா, முளைகட்டிய பயறா: புரதத்திலும் மாவுச்சத்திலும் உண்மையில் மாறுவது எது?

முளைகட்டினால் பயற்றில் புரதம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஊறவைத்து வேகவைப்பதா, ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்து முளைகட்டுவதா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் புரதத்தை நினைத்துத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வழிகளும் பெரிதாக வேறுபடுவது புரதத்தில் அல்ல, சர்க்கரையில்தான். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சிறு சர்க்கரைகளை முளைகட்டுதல் வெகுவாகக் குறைக்கிறது. புரதத்தின் அளவை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. புரதம் எவ்வளவு செரிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அடுப்புதான். இந்த மூன்றும் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொண்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பம் இருக்காது.

பச்சைப்பயற்றையே எடுத்துக்கொள்வோம். சீக்கிரம் முளைக்கும், அளவுகளும் தெளிவாகத் தெரிந்தவை. 100 கிராம் காய்ந்த பச்சைப்பயற்றில் ஈரம் சுமார் 9 கிராம், புரதம் சுமார் 24 கிராம். மொத்த மாவுச்சத்து வகை, அதாவது கார்போஹைட்ரேட், 62 கிராம் அளவில் இருக்கும். அதில் 16 கிராம் நார்ச்சத்து. மீதியில் பெரும்பங்கு ஸ்டார்ச். சர்க்கரைகள் சில கிராம்தான். ஆனால் வயிற்றைப் படுத்துவது அந்தச் சில கிராம்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குடும்பம்.

புரதம்: கணக்கு எங்கே ஏமாற்றுகிறது

இந்த 100 கிராம் பயற்றை ஊறவைத்தால் 200 முதல் 210 கிராம் வரை வரும். ஒரு நாள் முளைகட்டினால் 230, 240 கிராம் ஆகும். ஐந்து நாள் இருட்டில் வளர்த்து, நீண்ட வெள்ளைத் தண்டாக எடுத்தால் 600 கிராமைத் தாண்டிவிடும். இந்தக் கூடுதல் எடை முழுக்கத் தண்ணீர். தொடக்கத்தில் இருந்த 24 கிராம் புரதம்தான் இந்த ஒவ்வொரு நிலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அது எவ்வளவு தண்ணீருக்குள் பரவிக் கிடக்கிறது என்பதுதான் மாறுகிறது.

ஆகவே 100 கிராம் என்ற ஒரே எடையில் ஒப்பிட்டால் காய்ந்த பயற்றில் 24 கிராம் புரதமும், ஒரு நாள் முளையில் சுமார் 10 கிராமும், நீரை வடித்து நன்றாக வெந்த பயற்றில் சுமார் 7 கிராமும், நீண்ட தண்டு முளையில் வெறும் 3 கிராமும் இருக்கும். ஒரு கிண்ணம் நிறைய நீண்ட முளையைச் சாப்பிட்டுவிட்டுப் புரதம் போதுமான அளவு கிடைத்துவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான் பிழையாகிறது. அது நீர்ச்சத்துள்ள காய்கறிக்கு நெருக்கமான உணவு. பயற்றின் இடத்தில் அதை வைத்து எண்ணக்கூடாது.

அப்படியானால் முளைகட்டியதில் புரதம் கூடுகிறது என்று பல அட்டவணைகள் காட்டுவது பொய்யா? பொய் இல்லை. அந்த அட்டவணைகள் ஈரம் முழுவதையும் நீக்கிய உலர் எடையில் கணக்கிடப்பட்டவை. நம்முடைய 100 கிராம் பயற்றில் ஈரம் போக உலர் பொருள் சுமார் 91 கிராம். அதில் 24 கிராம் புரதம் என்றால் 26.4 சதவீதம். முளைக்கும் விதை உயிருள்ளது, மூச்சு விடுகிறது. மூச்சுக்கு எரிபொருளாகத் தன் சர்க்கரையையும் ஸ்டார்ச்சையும் எரித்து, கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது. ஊறவைத்த நீரிலும் கொஞ்சம் கரைந்து போகிறது. இப்படி மொத்தம் 10 கிராம் உலர் பொருள் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 81 கிராம். புரதம் அதே 24 கிராம். இப்போது சதவீதம் 29.6. அட்டவணையில் இது எட்டில் ஒரு பங்கு உயர்வாகத் தெரியும். ஆனால் கிண்ணத்தில் ஒரு கிராம் புரதம்கூடப் புதிதாகச் சேரவில்லை; அருகிலிருந்த மாவுச்சத்துதான் குறைந்தது.

புதிதாகச் சேரவும் முடியாது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். வெறும் தண்ணீரில் முளைக்கும் விதைக்கு வெளியிலிருந்து நைட்ரஜன் எதுவும் கிடைப்பதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். முளையில் புரதம் உடைந்து தனி அமினோ அமிலங்களாக, குறிப்பாக அஸ்பாரஜினாக, மாறினாலும் அந்த நைட்ரஜனும் புரதம் என்றே எண்ணப்படும். அதனால் நீண்ட முளைகளின் புரத எண்ணில் ஒரு பகுதி, கண்டிப்பாகச் சொன்னால், புரதமே அல்ல.

முதல் நாளில் புரதம் உடைவதில்லை

முளைகட்டினால் புரதம் முன்கூட்டியே உடைந்து எளிதாகச் செரிக்கும் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது, நேரம்தான் ஒத்துவரவில்லை. பயற்றின் புரதத்தில் பெரும்பங்கு குளோபுலின் வகைச் சேமிப்புப் புரதம். வித்திலைகளின் செல்களுக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். பச்சைப்பயற்றில் இதை அறுக்கும் முதன்மை நொதி காய்ந்த விதையில் தயாராக இருப்பதில்லை. விதை அதைப் புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். ஊறவைத்து மூன்றாம் நாள் வாக்கில்தான் அந்த நொதியின் வேலை குறிப்பிடத்தக்க அளவுக்கு வருகிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு நாள் முளை, ஒரு சென்டிமீட்டர் வால் விட்டது, அந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை. அதன் சேமிப்புப் புரதம் கிட்டத்தட்ட ஊறிய பயற்றில் இருப்பதுதான்.

ஒரு நாள் முளையில் புரதத்தின் செரிமானத்துக்குச் சாதகமாக நடப்பவை வேறு சில. தோலில் இருக்கும் டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும். அதில் ஒரு பங்கு ஊறவைத்த நீரில் இறங்கிவிடும். ஊறிய நீர் நிறம் மாறியிருப்பது தோலிலிருந்து பொருள்கள் இறங்கியதால்தான். ஃபைட்டேட் என்ற பொருளும் புரதத்தையும் தாது உப்புகளையும் பிடித்து வைக்கும். முளைக்கும்போது ஃபைட்டேஸ் என்ற நொதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. வெறும் ஊறவைப்பில் இந்தக் குறைவு மிகச் சிறியது. இவை நல்ல மாற்றங்கள்தான், ஆனால் அளவில் அடக்கமானவை.

பெரிய தடை டிரிப்சின் தடுப்பான். நம் கணையம் சுரக்கும் டிரிப்சினோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் சிறு புரதம் இது. ஊறவைத்தால் கொஞ்சம் குறையும். ஒரு நாள் முளையில் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் பெரும்பங்கு மிஞ்சியே இருக்கும். ஈரத்தோடு கூடிய சூடு பட்டால்தான் அது சரிகிறது. சேமிப்புப் புரதத்தின் இறுகிய மடிப்புகளும் சூட்டில்தான் அவிழ்ந்து நொதிகளுக்கு இடம் தருகின்றன. எனவே புரதம் செரிக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், பச்சையாகச் சாப்பிடும் முளையைவிட ஊறவைத்து நன்றாக வேகவைத்த பயறே மேல். முளைகட்டி வேகவைத்தது அதற்குச் சமம் அல்லது ஓர் இழை மேல்.

புரதத்தின் தரத்தைப் பற்றியும் ஒரு வரி. பயறுகளில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு; கந்தகம் உள்ள மெத்தியோனினும் சிஸ்டைனும் குறைவு. முளைகட்டினாலும் இந்தக் குறை தீராது. தானியத்தோடு சேர்த்து உண்பதுதான் அதை ஈடு செய்கிறது.

சர்க்கரை: இங்கேதான் இரண்டும் பிரிகின்றன

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் ஆகியவை ஒரே குடும்பத்துச் சர்க்கரைகள். சாதாரணச் சர்க்கரையோடு கேலக்டோஸ் என்ற துண்டு ஒன்று, இரண்டு, மூன்று எனக் கோத்தவை. அந்தக் கோப்பை அறுக்க ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதச் சிறுகுடலில் அது சுரப்பதில்லை. அதனால் இவை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. வயிறு உப்புவதற்கு முதல் காரணம் இதுதான். பச்சைப்பயற்றில் வெர்பாஸ்கோஸ் முன்னணியில் நிற்கிறது.

ஊறவைக்கும்போது இவற்றில் ஒரு பங்கு நீரில் கரைந்து வெளியேறுகிறது. எவ்வளவு என்பது விதையின் செல் சவ்வுகளைப் பொறுத்தது. காய்ந்த விதையில் சவ்வுகள் சுருங்கிக் குலைந்த நிலையில் இருக்கும். நீர் உள்ளே புகும் தொடக்க நேரத்தில் அவற்றின் வழியாக நிறையக் கசியும். ஈரம் ஏறியதும் சவ்வுகள் ஒழுங்காகி, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு உயிருள்ள செல் தன் சர்க்கரையை எளிதில் விட்டுக்கொடுக்காது. எட்டு மணி நேரத்தைப் பதினாறாக நீட்டினால் இழப்பு இரட்டிப்பாகாததற்கு இதுவே காரணம். ஊறவைத்து நீரை வடித்தால் பொதுவாக இந்தச் சர்க்கரைகளில் கால் பங்கிலிருந்து பாதி வரை குறையும். பயற்றின் வகை, நீரின் அளவு, சூடு ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால், கரைந்து வெளியே வந்ததில் பெரும்பகுதி மறுபடியும் தட்டுக்கே வந்துவிடும்.

முளைகட்டும்போது நடப்பது கசிவு இல்லை, செலவு. விதைக்கு முதல் எரிபொருள் இந்தச் சர்க்கரைகள்தான். ஸ்டார்ச்சைத் தொடுவதற்கு முன்னாலேயே இவற்றை எடுத்துச் செலவழிக்கிறது. நமக்கு இல்லாத அந்த ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் விதையிடம் இருக்கிறது. நீரை வடித்து 24 மணி நேரம் ஆனபோது பாதிக்கு மேலும், 48 மணி நேரத்தில் பெரும்பகுதியும் மறைந்துவிடும். அவற்றின் இடத்தில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் போன்ற எளிதில் செரிக்கும் சர்க்கரைகள் கூடும். ஒரு நாள் முளை நாக்கில் லேசாக இனிப்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள் முளை உறுதியாகக் கூடுதல் பலன் தரும். புரதத்துக்காக அல்ல, இதற்காகத்தான் முளைகட்டுவது அந்த உழைப்புக்குத் தகுதியானது.

அவகாசம் இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: சூடாக ஊறவைப்பது. பயற்றைக் கழுவி, எடையைப் போல ஐந்து மடங்கு நீரில் போட்டு, கொதி வந்தபின் 2 அல்லது 3 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைக்க வேண்டும். சூடு சவ்வுகளைச் சிதைத்துவிடுவதால், சர்க்கரையைத் தடுத்து நிறுத்த உயிருள்ள செல் எதுவும் மிச்சமில்லை. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைப்பதைவிட இதில் அதிகம் வெளியேறும். நீரில் கரையும் பி வைட்டமின்களும் சேர்ந்தே போகும் என்பது இதன் விலை. இப்படிச் செய்த பயறு செத்த பயறு, அதை முளைகட்ட முடியாது.

ஸ்டார்ச் ஏன் அவ்வளவாக அசைவதில்லை

முளைகட்டினால் மாவுச்சத்து போய்விடும், ஆகவே ரத்தச் சர்க்கரை ஏறாது என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் அப்படிப் போவதில்லை. ஸ்டார்ச்சை உடைக்கும் அமைலேஸ் மெல்லத்தான் கூடுகிறது. முதல் நாள் எரிவது பெரும்பாலும் மேலே சொன்ன சிறு சர்க்கரைகள். ஸ்டார்ச் கண்ணுக்குத் தெரியும்படி குறைய இரண்டு மூன்று நாள் ஆகும். ஐந்து நாள் தண்டு முளையில் 100 கிராமுக்கு 6 கிராம் அளவே மாவுச்சத்து இருக்கிறதே என்றால், அதற்கு முதல் காரணம் அதில் 90 சதவீதம் தண்ணீர் என்பதுதான்.

வேகவைத்த பயறு ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் ஸ்டார்ச் மணிகள் கெட்டியான செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. முழுதாக வேகவைத்தால் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும், ஆனால் பெரும்பாலும் உடைவதில்லை. நொதி சுவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் நேரம் ஆகிறது. பயற்று ஸ்டார்ச்சில் அமைலோஸ் என்ற வகையின் பங்கும் அதிகம். அது ஆறும்போது மறுபடி இறுகிச் செரிக்காத ஸ்டார்ச்சாக மாறுகிறது. ஊறவைத்ததா முளைகட்டியதா என்பதைவிட, முழுதாக உண்கிறீர்களா, காய்ந்த பயற்றை மாவாக அரைத்துச் சமைக்கிறீர்களா என்பதே இங்கு பெரிய வேறுபாடு. அரைக்கும்போது அந்தச் சுவர்கள் உடைந்துவிடும்.

ஸ்டார்ச்சில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பச்சை முளையில் இருக்கிறது. வேகாத ஸ்டார்ச் மணி படிகம் போல இறுகியது. சிறுகுடலில் அரைகுறையாகத்தான் செரிக்கும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். வாயுச் சர்க்கரை குறையட்டும் என்று முளைகட்டிவிட்டு அதைப் பச்சையாகவே நிறையச் சாப்பிட்டால், ஒரு காரணத்தை நீக்கி இன்னொரு காரணத்தை உள்ளே அனுப்புகிறோம். முளைகட்டியும் வயிறு உப்புகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 8 முதல் 10 நிமிடம் ஆவியிலோ கொதிநீரிலோ வேகவைத்தால் ஒரு நாள் முளையின் ஸ்டார்ச் நீரேறி இளகிவிடும், டிரிப்சின் தடுப்பானும் வெகுவாகக் குறையும்.

வேகவைக்க வேறொரு வலுவான காரணமும் உண்டு. முளை வளரத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் உகந்தவை. விதையிலேயே சால்மோனெல்லாவோ ஈ.கோலையோ ஒட்டியிருந்தால், முளைகட்டும் நேரத்தில் பல மடங்கு பெருகிவிடும், கழுவினால் போகாது. 2011ல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் பச்சை முளையைத் தவிர்ப்பது நல்லது. முளையில் புதிதாக உருவாகும் வைட்டமின் சி வேகும்போது ஓரளவு குறையும். அந்த வைட்டமினைப் பழத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

முளைகட்டும் முறையும் அது கெடும் இடங்களும்

100 கிராம் பயற்றில் உடைந்தவற்றையும் கல்லையும் பொறுக்கி எடுங்கள். உடைந்த விதை முளைக்காது. சர்க்கரையைக் கசியவிட்டு மற்றவற்றைக் கெடுக்கும். இரண்டு மூன்று முறை கழுவி 500 மில்லி நீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். அறை 30 டிகிரியைத் தாண்டினால் 6 மணி நேரமே போதும். வடித்ததும் ஒருமுறை எடை பாருங்கள். 200 கிராமுக்கு அருகில் இருந்தால் சரியாக ஊறியிருக்கிறது. 170க்குள் நின்றால் நிறையக் கல்விதைகள் இருக்கின்றன என்று பொருள். அவை தோல் நீரை விடாத விதைகள்; வெளியே மினுமினுப்பாக, பழைய அளவிலேயே, விரல் நகத்தால் அழுத்தினால் கடினமாக இருக்கும். அவற்றை விட்டுவைத்தால் முளைக்கவும் செய்யாது, மற்றவற்றோடு வேகவும் செய்யாது.

வடித்த பயற்றை ஓட்டை உள்ள வடிதட்டில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் பரப்பி, ஈரத்துணியால் மூடுங்கள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல நீரில் அலசி முழுதாக வடியவிட வேண்டும். இந்த அலசல் ஈரத்துக்காக மட்டும் அல்ல. முளைக்கும் விதை மூச்சு விடும்போது சூட்டையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. ஆழமான பாத்திரத்தில் அடர்த்தியாகக் கொட்டி வைத்தால் நடுவில் கை வைத்தாலே சூடு தெரியும். அங்கே காற்றும் குறையும். காற்றில்லாத விதை சர்க்கரையைச் சாராயமாக நொதிக்கவைக்கத் தொடங்கும், பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். புளித்த வாடையும் கையில் வழுக்கும் பிசுபிசுப்பும் வந்தால் கழுவிப் பயன்படுத்த நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

முளையே வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, பழைய பயறு. மற்றது, நீருக்கடியிலேயே 15, 20 மணி நேரம் கிடந்தது. ஊறுவதற்கு நீர் வேண்டும், முளைப்பதற்குக் காற்று வேண்டும். நீரில் நீண்ட நேரம் மூழ்கிக் கிடந்தால் உயிர்மூச்சு கிடைக்காமல் விதை செத்துவிடலாம். நீரின் மேல் நுரையும் சிறு குமிழிகளும் தெரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வடித்து 12 மணி நேரத்தில் வெள்ளை வேர்முனை சில மில்லிமீட்டர் எட்டிப்பார்க்கும். 24 மணி நேரத்தில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆகும். இதுதான் நிறுத்த வேண்டிய இடம். வாயுச் சர்க்கரை பாதிக்கு மேல் போயிருக்கும். ஸ்டார்ச்சும் புரதமும் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கும். உடனே வேகவைக்கலாம். இல்லாவிட்டால் நீரை ஒட்ட வடியவிட்டு குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்தலாம். குளிரில் முளை மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை.

சமையல் நேரத்தையும் இதோடு சேர்த்து எண்ணலாம். திறந்த பாத்திரத்தில் ஊறாத பச்சைப்பயறு வேக 35 முதல் 45 நிமிடம் ஆகும். ஊறியது 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். முளைகட்டியது அதில் பாதி. நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் இறுகி, ஊறிய பயறும் வேகாது. கொஞ்சம் சமையல் சோடா அதை இளக்கும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும். வேறு நீர் கிடைத்தால் சோடா வேண்டாம்.

புரதத்தைக் கிராமில் எண்ணிச் சாப்பிடுகிறவர்கள் எந்த வழியில் செய்தாலும் காய்ந்த பயற்றை நிறுத்து வைத்துக்கொள்வதுதான் நம்பத்தக்கது. நால்வருக்கு 200 கிராம் காய்ந்த பயறு என்றால் மொத்தம் 48 கிராம் புரதம், ஆளுக்கு 12. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், குழைய வேகவைத்தாலும் இந்த 12 ஏறக்குறைய மாறாது. முளைகட்டிய பயற்றை 100 கிராம் நிறுத்துப் போட்டு, காய்ந்த பயற்றின் அட்டவணையைப் பார்த்து 24 என்று எழுதினால் இரண்டு மடங்குக்கு மேல் தவறும்.

மற்றப் பயறுகளுக்கு இது பொருந்துமா

கொண்டைக்கடலைக்கு இதே தர்க்கம் பொருந்தும். நேரம் மட்டும் நீளும். 10 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும், முளை தெளிவாக வர ஒன்றரை அல்லது இரண்டு நாள் ஆகும். அதன் வாயுச் சர்க்கரைகளில் ஸ்டாக்கியோஸோடு சைசெரிட்டால் என்ற இன்னொன்றும் பெரும்பங்கு வகிக்கிறது. முளைகட்டினாலும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

சிவப்பு ராஜ்மா தனி வழக்கு. அதில் உள்ள ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம், குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் இந்த ஆபத்து நீங்காது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 100 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதிநிலைக்கு எட்டாத மெதுவான சூட்டில், 80 டிகிரி அளவில், மணிக்கணக்காக வைத்தால் லெக்டின் அழியாது. நச்சுத்தன்மை பச்சை விதையைவிடக் கூடவும் செய்யலாம். ராஜ்மாவைப் பொறுத்தவரை முளைகட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஊறவைத்துக் கொதிக்கவைப்பதே சரி.

தோல் நீக்கி உடைத்த பருப்பில் முளைக்கும் கருவும் வித்திலைகளும் பிரிந்துவிட்டதால் முளைகட்டும் கேள்வியே எழாது. டானின் தோலோடு போய்விட்டது, அது ஏற்கெனவே கிடைத்த லாபம். வெட்டுப்பரப்பு திறந்திருப்பதால் சர்க்கரையும் சீக்கிரம் நீரில் இறங்கும், கூடவே நீரில் கரையும் புரதமும் கொஞ்சம் போகும். ஆகவே அதை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, புது நீரில் வேகவைத்தால் போதும்.